செயலாளரின் ஆண்டறிக்கை: நிர்வாகக் குழுவும் அலுவலகமும்

மதிப்பிற்குரிய அங்கத்தினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவு, லாப ஈவு, புதிய அங்கத்தினர் சேர்க்கை எல்லாம் பொருளாளர் அறிக்கையிலும் தணிக்கையாளர் அறிக்கையிலும் இருக்கின்றன. அவற்றை நான் திருப்பிச் சொல்லவில்லை. குழுக் கூட்டங்கள் மாதந்தோறும் தவறாமல் நடந்தன. தீபாவளிப் பொருள் விற்பனையும் கல்வி நிதி வழங்கலும் வழக்கம்போல் நடந்து முடிந்தன. இந்த ஆண்டு குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது வேறொரு விஷயம். நீங்கள் தேர்ந்தெடுத்த நாங்கள் எது வரை கை நீட்டலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேனேஜரும் கிராணிகளும் எதைத் தாங்களே முடிவு செய்யலாம் என்பதுதான் அது. அதைப் பற்றியே இந்த அறிக்கையில் அதிகம் எழுதுகிறேன்.

உள்தணிக்கைக் குழு கடன் கோப்புகளைப் பார்வையிட்டபோது சில கோப்புகளில் விண்ணப்பப் பாரத்தோடு துண்டுச் சீட்டுகள் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன. ஒன்று கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கம். இன்னொன்று மளிகைக் கடை ரசீது. ‘இவர் நமக்கு வேண்டியவர், சீக்கிரம் கொடுத்துவிடவும்’ என்பதுபோல் ஒரு வரி, கீழே ஒரு குழு உறுப்பினரின் சுருக்கொப்பம். எழுதியவர் ஒருவர் மட்டுமல்லர். கிராணி அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் கோப்பிலேயே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நாளைக்கு யாராவது ‘ஏன் கொடுத்தாய்?’ என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

அந்தக் கடன்களில் மோசடி எதுவும் இல்லை. பெரும்பாலானவை ஒழுங்காகக் கட்டப்பட்டும் வருகின்றன. ஆனாலும் சிக்கல் இருக்கிறது. 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் 6 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அதிகாரம் அந்தக் குழுவுக்கு உரியது. கூட்டம் கூடி, போதிய பேர் வந்து, முடிவெடுத்து, மினிட்டில் எழுதினால்தான் அது குழுவின் சொல். கூட்டம் முடிந்து வாசற்படி தாண்டிவிட்டால் தலைவர் உட்பட நாங்கள் ஒவ்வொருவரும் உங்களைப்போல் ஓர் அங்கத்தினர்தான். துண்டுச் சீட்டு எழுத எங்களில் யாருக்கும் தனி அதிகாரம் கிடையாது. ஆனால் கிராணியின் இடத்திலிருந்து பாருங்கள். சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் மேசையில் உட்காருபவர் சீட்டு அனுப்புகிறார். அதை அவர் எப்படி வெறும் காகிதமாக எடுத்துக்கொள்ள முடியும்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் கிராணி, தண்டல், மேனேஜர் எல்லாம் துரையின் ஆட்கள். நமக்காகப் பேச ஒரு தலைவர் வேண்டியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் 1960இல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும், பாட்டாளிகள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டினார்கள். ஆகவே கடன் வேண்டும் என்றால் கவுண்டருக்குப் போகாமல் தலைவர் வீட்டுக்குப் போவது நமக்கு இயல்பாக வருகிறது. போகிறவரைக் குறை சொல்ல முடியாது. வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் சீட்டு எழுதியவரையும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கவுண்டருக்கு நேராகப் போய் வரிசையில் நின்ற அங்கத்தினரின் விண்ணப்பம் அதனால் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அவர் கேட்கும்போது எங்களிடம் பதில் இல்லை.

சரி, என்ன செய்தோம்? மேனேஜரின் அதிகாரம் எவ்வளவு என்று இதுவரை எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் எல்லாமே ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது குழு தீர்மானம் போட்டுவிட்டது. அங்கத்தினரின் சொந்தப் பங்கும் சேமிப்பும் ஈடுகொடுக்கும் அளவுக்குள், 2,000 வெள்ளி வரை, மேனேஜரே கடன் கொடுக்கலாம். அதற்கு மேல் 10,000 வெள்ளி வரை கடன் குழு பார்க்கும். அதையும் தாண்டினால் முழு நிர்வாகக் குழு. மேனேஜர் தம் எல்லைக்குள் கொடுத்ததை மாதக் கடைசியில் பட்டியலாகத் தருவார். நாங்கள் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் ‘இவருக்கு ஏன் கொடுத்தீர்கள், அவருக்கு ஏன் கொடுக்கவில்லை’ என்று ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரிப்பதில்லை. அப்படி விசாரித்தால் அடுத்த மாதமே அவர் பழையபடி எங்களைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அங்கத்தினர் மகளின் போலிடெக்னிக் பதிவுக்காக 6,000 வெள்ளி கேட்டார். அவருடைய பங்கும் சேமிப்பும் சேர்த்து 2,700 வெள்ளி. இரண்டு ஜாமீன்தாரர்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே இரண்டு கடன்களுக்கு ஜாமீன் நின்றவர். நம் விதிப்படி அதற்கு மேல் முடியாது. கிராணி அதைக் கண்டுபிடித்துப் பாரத்தில் குறித்துவிட்டார். அங்கத்தினர் குழு உறுப்பினர் ஒருவரைத் தேடிப் போக, அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ‘எனக்குத் தெரிஞ்ச குடும்பம், நான் பொறுப்பு’ என்றார். மேனேஜர் மரியாதையாக, ‘ஐயா, கடன் குழுவுக்குக் கோப்பு போகுது, நீங்க சொன்னதையும் எழுதி வைக்கிறேன்’ என்றார். எழுதியும் வைத்தார்.

பதிவுக் கட்டணத்துக்கோ கெடு நெருங்கிவிட்டது. மேனேஜர் தம் எல்லைக்குள் 2,000 வெள்ளியை அன்றே கொடுத்து, மீதியைக் கடன் குழுவுக்கு அனுப்பினார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய கடனைச் சின்னச் சின்னதாகப் பிரித்து மேனேஜர் எல்லைக்குள் அடக்குவது எல்லா இடத்திலும் நடக்கிற தந்திரம். ஆகவே தாம் பிரித்துக் கொடுத்ததை அவர் அன்றே எனக்கு எழுதிக் கொடுத்தார். கடன் குழுவும் மீதி 4,000 வெள்ளியை மட்டும் பார்க்காமல் முழு 6,000 வெள்ளிக் கடனாகவே எடுத்துப் பரிசீலித்தது. போன் போட்டவர் கடன் குழுவிலும் இருக்கிறவர். அந்தக் கோப்பு வந்ததும் எழுந்து வெளியே போனார். மினிட்டில் அதுவும் இருக்கிறது. வேறொரு ஜாமீன்தாரர் தேவை என்று குழு சொன்னது. அங்கத்தினர் தம் மைத்துனரைக் கொண்டுவந்தார். அவரும் நம் அங்கத்தினர்தான். அந்த வாரமே மீதிப் பணம் கிடைத்தது. போன் வராமல் இருந்திருந்தாலும் இதே நாளில்தான் கிடைத்திருக்கும்.

அடுத்து காசோலை. இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் தலைவரோ பொருளாளரோ தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகும்போது வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது. நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் புத்தகம் பீரோவில் இருக்கும் வரை இரண்டு கையெழுத்து என்ற காவலே இல்லை. ஏதாவது தவறினால் முதலில் மாட்டிக்கொள்வதும் கையெழுத்துப் போடாத கிராணிதான். இப்போது மூன்றாவதாக ஒருவரை வங்கியில் பதிவு செய்துவிட்டோம். வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுவது அறவே நிறுத்தப்பட்டது. கையெழுத்திடும் உறுப்பினர் வவுச்சரும் ஒப்புதல் மினிட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கொடுக்கலாமா வேண்டாமா என்று அந்த நேரத்தில் புதிதாக யோசிப்பது அவர் வேலை இல்லை. அது முன்பே முடிவானது.

இதுவரை சொன்னதெல்லாம் எங்கள் பக்கத்துக் கதை. அலுவலகத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. மேனேஜர் தரும் மாத அறிக்கையில் ‘நிலுவை’ என்று ஒரே ஒரு மொத்தத் தொகை வரும். அது மாதா மாதம் அழகாகக் குறைந்துகொண்டே போனது. குழுவும் சந்தோஷமாகத் தலையாட்டியது. உள்தணிக்கைக் குழுவினர்தான் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள்: புதிதாகக் கொடுத்த கடன் இவ்வளவு என்கிறீர்கள், வங்கியிலிருந்து வெளியே போன பணம் ஏன் அதைவிடக் குறைவு? பார்த்தால், கட்ட முடியாதவர்களுக்குப் புதுக் கடன் போட்டு, அதைக் கொண்டே பழைய கடனை அடைத்திருக்கிறார்கள். ஓவர்லாப் என்று நாம் சொல்வது. பழைய கடன் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், நிலுவையும் குறையும். ஆனால் ஒரு காசும் வந்திருக்காது. ஓவர்லாப் கொடுப்பது விதிப்படி குற்றமில்லை. செம்பனை வேலை குறைந்து ஓவர்டைம் போன குடும்பத்துக்கு அது உதவியும்கூட. குழுவுக்குத் தெரியாமல் நடந்ததுதான் பிரச்சினை.

அன்றைய கூட்டத்தில் சூடு கொஞ்சம் அதிகம். ‘கோப்புகளை நாங்களே எடுத்துப் பார்க்கிறோம்’ என்று சிலர் கிளம்பினார்கள். அது வேண்டாம் என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள், நானும் அந்தப் பக்கம்தான். கோப்பைத் துழாவுவது உள்தணிக்கைக் குழுவின் வேலை. அதற்காகவே அவர்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எங்கள் வேலை சரியான அறிக்கையைக் கேட்டு வாங்குவது. இப்போது நிலுவை 3 மாதம் வரை, 6 மாதம் வரை, ஓராண்டு வரை, அதற்கு மேல் என்று வயதுவாரியாக வருகிறது. ஓவர்லாப் கடன்கள் தனிப் பத்தியில் வருகின்றன. முதல் மாதம் அந்தப் பத்தி எங்களைக் கொஞ்சம் திடுக்கிட வைத்தது. மேனேஜரை யாரும் கவுண்டரில் வைத்துக் கேள்வி கேட்கவில்லை. ஆண்டு மதிப்பீட்டில் தலைவரும் நானும் உட்கார்ந்து பேசினோம், எழுத்தில் கொடுத்தோம்.

எல்லைக்கோடு எப்போதும் நேராக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் அலுவலகத்தில் ஒரு மேனேஜர், இரண்டு கிராணிகள். மேனேஜர் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போனபோது ஒரு கிராணியும் பிரசவ விடுப்பில் இருந்தார். வேறு வழியில்லாமல் பொருளாளர் இரண்டு வாரம் கவுண்டரில் உட்கார்ந்தார். குழு அதற்குத் தேதி போட்டுக் கடிதம் கொடுத்தது. அந்த இரண்டு வாரமும் அவர் காசோலையில் கையெழுத்திடவில்லை. ரொக்கத்தை எண்ணியவரே காசோலைக்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதற்காக. கடைசி நாளில் உள்தணிக்கைக் குழுவிலிருந்து ஒருவர் வந்து பெட்டிப் பணத்தை எண்ணி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஒப்படைப்புப் பாரத்தில் கையெழுத்திட்டார்.

புதிய கிராணி நியமனமும் இந்த ஆண்டுதான் நடந்தது. பதவியும் சம்பள அளவும் குழுவின் முடிவு. ஆளை நேர்காணல் செய்து எடுத்தவர் மேனேஜர். குழு உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரப் பெண்ணும் விண்ணப்பித்திருந்தார். அவர் தேர்வாகவில்லை. அதற்குப் பிறகும் அந்த உறுப்பினர் கூட்டங்களுக்கு வழக்கம்போல் வருகிறார் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் குறை இருந்தால் கவுண்டரில் இருக்கும் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள், அல்லது என்னிடம் எழுத்தில் கொடுங்கள். குழு உறுப்பினரிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் பரவாயில்லை. அவர் அதைக் கிராணியிடம் கொண்டுபோகாமல் என்னிடம் தருவார், நான் மேனேஜரிடம் பதில் கேட்டு அடுத்த கூட்டத்தில் வைப்பேன். துண்டுச் சீட்டு கொண்டுவருபவரின் விண்ணப்பம் வரிசைப்படிதான் பார்க்கப்படும், சீட்டு கோப்பில் சேர்க்கப்படும்.

இந்தக் கூட்டத்தின் முன் வைக்கப்படும் தீர்மானம் ஒன்று உண்டு. நிர்வாகக் குழு உறுப்பினர்களும் அவர்களின் மனைவி, கணவன், பிள்ளைகளும் வாங்கும் கடன்கள், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மேனேஜர் எல்லைக்குள் வராமல் முழுக் குழுவுக்கே வர வேண்டும். கேட்பவர் அந்த நேரம் வெளியே இருக்க வேண்டும். மொத்தத் தொகை ஆண்டறிக்கையில் தனி வரியாக வர வேண்டும். குழுவுக்குள் இதற்கு முழு ஒப்புதல் இல்லை. மேனேஜரை இது நம்பாததுபோல் ஆகும் என்று இருவர் மறுப்புத் தெரிவித்து மினிட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். தம்மைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் உறுப்பினருக்கே ‘இல்லை’ சொல்லும் நிலையில் மேனேஜரை நிறுத்தக் கூடாது என்பது மற்றவர்களின் வாதம். இரு தரப்பு வாதமும் இணைப்பில் இருக்கின்றன. முடிவு உங்கள் கையில்.

இங்ஙனம்,
செயலாளர்