கேள்விக்குறியை ஏன் எடுத்தாய்?

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, பாப்பா, ஆச்சி எல்லோரும் நலம். பந்தக்கால் நட்டாயிற்று. பாப்பாவின் கல்யாணத்துக்கு நீ புனேயிலிருந்து அனுப்பிய நிகழ்ச்சிநிரல் நேற்று ராத்திரி வந்து சேர்ந்தது. கட்டம் போட்டு, சனிக்கிழமைக்கு மஞ்சளும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பச்சையும் அடித்து, பார்க்கவே அழகாக இருக்கிறது. அம்மா அதை அடுத்த வீட்டு அக்காவிடமும் காட்டிவிட்டாள்.

ஆனால் நான் கேட்டது அது இல்லை. தப்பு என்னுடையதும்தான். கையால் எழுதிய தாளைப் படம் பிடித்து, கீழே "இதைக் கொஞ்சம் பார்" என்று மட்டும் போட்டேன். டைப் அடித்துத் தா என்பதற்கும், எங்கேயாவது இடிக்கிறதா என்று சொல் என்பதற்கும், மைக்கில் சொல்ல நாலு வரி எழுதிக் கொடு என்பதற்கும் நம் வீட்டில் அந்த ஒரே வார்த்தைதான். மூன்றில் எது என்று நீ ஊகித்தாய். ஊகிக்கத் தாளிலேயே தடயம் இருந்தது என்பதுதான் என் வழக்கு.

டைப் அடிக்கத் தயாரான தாள் எப்படி இருக்கும்? அடித்தல் திருத்தல் இருக்காது, வரிசை எண் ஒழுங்காக ஓடும், ஓரத்தில் "20 காப்பி" என்று எழுதியிருக்கும். அறிவிப்புக்கான தாள் என்றால் முழு வாக்கியங்கள் இருக்கும், பெயர்களுக்கு முன்னால் திரு, திருமதி இருக்கும். என் தாளில் என்ன இருந்தது? நேரத்துக்குப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி, இரண்டு அம்புக்குறி, ஒரே வரியில் இரண்டு நேரம். இன்னும் முடிவாகாத தாள் அது. நீ என்ன செய்தாய்? "6.30?" என்று இருந்ததை "6.30" என்று ஆக்கினாய். அம்புக்குறிகளுக்குக் கட்டத்தில் இடமில்லை என்று விட்டுவிட்டாய். நான் சந்தேகப்பட்ட இடமெல்லாம் உன் தாளில் முடிவான நேரமாக நிற்கிறது. கைத்தாளைப் பார்த்தால் யாரும் "இது சரியா?" என்று கேட்பார்கள். அச்சடித்த தாளிடம் ஒருவரும் கேட்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் "மா. 7.15" என்று எழுதியிருந்தேன். நீ அதை "மாலை 7.15" என்று அடித்திருக்கிறாய். அது மாமா! காலை 7.15-க்கு மாமன் சீர். முதல் பக்கத்தில் "மா. 6.30" மாலைதான், "மா. அழைப்பு" மாப்பிள்ளைதான். மூன்றுக்கும் ஒரே சுருக்கம் போட்டது என் சோம்பேறித்தனம். ஆனால் ஞாயிறு மாலை 5 மணிக்கு மண்டபத்தைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும் என்று அதே தாளின் கடைசி வரியில் இருக்கிறது. சாவி கொடுத்த பிறகு 7.15-க்கு அங்கே நமக்கு என்ன வேலை? இந்த ஒரு கேள்வி உனக்கு வந்திருந்தால் போதும்.

டெப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்தவன் நான். நேர வரிசையில் எழுதிய தாளில் மோதல் கண்ணுக்குத் தெரியாது. வண்டி வாரியாகத் திருப்பி எழுதினால்தான் ஒரே பஸ்ஸை இரண்டு ரூட்டுக்குப் போட்டிருப்பது தெரியும். நேற்று உன் தாளை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தேன். இடது பக்கம் மேளம், மாமா, சமையல், சாப்பாட்டுக்கூடம் என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் நேராக நேரமும் இடமும் போட்டேன்.

மேளத்தின் வரியிலேயே மாட்டியது. சனிக்கிழமை 6.30-க்குப் பிள்ளையார் கோவிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. 6.45-க்கு மண்டப வாசலில் வரவேற்பு மேளம். உன் கட்டத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. நாம் பேசியிருப்பதோ ஒரே ஒரு செட், இரண்டு நாயனம் இரண்டு தவில். ஊர்வலம் மண்டபம் வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆகும். மாமாவின் வரியும் அப்படித்தான். 7 மணி ரயிலுக்கு ஜங்ஷனில் சித்தியை அழைக்க வேண்டியவரும் அவர், 7.15-க்குச் சீர்த் தட்டோடு நிற்க வேண்டியவரும் அவர். ரயிலுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டேன்.

பெரிய சிக்கல் காலை டிபனில். 7 முதல் 8.30 வரை என்று நான்தான் எழுதினேன், மண்டபக் கணக்கு தெரியாதவன் மாதிரி. கீழ்க்கூடத்தில் ஒரு பந்திக்கு 120 இலை. சாப்பிட 25 நிமிஷம், இலை எடுத்து மேசை துடைத்து மறுபடி போட 15 நிமிஷம், ஆக ஒரு பந்திக்கு 40 நிமிஷம். 400 பேர் என்றால் நாலு பந்தி. 7-க்கு ஆரம்பித்தால் மூன்றாம் பந்தி 8.20-க்கு உட்காரும், நாலாவது 9 மணிக்கு. தாலி கட்டு 8.15. கெட்டிமேளம் கொட்டும்போது பாதிப் பேர் கூடத்து வாசலில் இடம் பிடிக்க நிற்பார்கள், அட்சதை போட ஆள் இருக்காது.

அதனால் 6.15-க்கு முதல் பந்தி. அடுத்தது 6.55, மூன்றாவது 7.35. எட்டு மணிக்கு மூன்றாம் பந்தி எழுந்துவிடும். அதோடு கூடத்தை மூடிவிடலாம். நாலாம் பந்தி 8.40-க்கு. எப்படியும் மணவறையில் நிற்கும் இரண்டு வீட்டாரும் அதுவரை சாப்பிட்டிருக்க மாட்டார்கள், சம்பந்தி வீட்டாரை நாமே உட்காரவைத்துப் பரிமாறவும் அதுதான் வசதி. சமையல்காரரிடம் கேட்டேன், இட்லி 5.45-க்கே இறக்கிவிடலாம் என்றார்.

கடைசியாக, பாப்பா மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவது 4.45 என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4.30 முதல் 6 வரை. உனக்கு இதில் நம்பிக்கை இல்லை, எனக்கும் அரைகுறைதான். ஆனால் ஆச்சி வாசலில் குறுக்கே நின்றுவிடுவாள். 6 வரை காத்திருக்கலாம் என்றால் மண்டபம் 5-க்குக் கைமாறுகிறது. ஆக 4.15-க்கே வண்டியில் ஏற வேண்டும்.

அறிவிப்பு எழுதும் வேலையும் உனக்குத்தான், ஆனால் அது கடைசியில். இப்போதே எழுதியிருந்தால் "டிபன் 7 மணிக்கு" என்று மைக்கில் போயிருக்கும். தாள் முடிவானதும் இரண்டே அறிவிப்பு போதும். 7.30-க்கு, எட்டு மணிக்கு மேல் தாலி கட்டி முடியும்வரை பந்தி இல்லை என்று ஒன்று. தாலி கட்டியதும், நாலாம் பந்திக்கு யார் யார் வரலாம் என்று ஒன்று. சம்பந்தியை "சம்பந்தி வீட்டார்" என்றே எழுது. பெயர் சொன்னால் யாராவது ஒருவர் விட்டுப்போவார்.

கலர் அப்படியே இருக்கட்டும், அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. பந்தி நேரத்தையும் மாமாவையும் ரயிலையும் 4.15-ஐயும் திருத்திவிடு. மேளக்காரர் இன்று சாயங்காலம் வருகிறார். வாசலுக்குத் தனியாக இன்னொரு நாயனம் கிடைக்குமா, இல்லை ஊர்வலத்தை 5.45-க்கு முன்தள்ளுவதா என்று பேசிவிட்டுச் சொல்கிறேன். அதுவரை 6.30-க்குப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குறியைத் திரும்பப் போட்டு வை.

அன்புடன்,
அப்பா