டோனர் பட்டியலை ஏன் மாற்றி எழுதினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பும் டோனர், இங்க் பட்டியல் இந்த மாதத்திலிருந்து வேறு மாதிரி வருகிறது. முன்பு "12A டோனர்" என்று ஒரே வரி, பக்கத்தில் விலை. இப்போது ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஏழெட்டு வரி. "டோனர் கேட்டா கதை அனுப்புறீங்களே" என்று ஒருவர் போனில் சிரித்தார். கதை ஒன்று உண்டுதான். அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

பண்ருட்டியிலிருந்து ஒரு பத்திர எழுத்தர் போன் செய்தார். "எச்பி 1005-க்கு டோனர் வேணும்." எங்கள் பட்டியலிலும் 12A-க்கு நேரே "எச்பி 1005, 1020, 1022" என்றுதான் இருந்தது. எடுத்துக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். மறுநாள் காலை அவரே கடலூர் பஸ் ஏறி வந்து கார்ட்ரிட்ஜை மேசையில் வைத்தார். "உள்ளேயே போகல." பக்கவாட்டில் இருக்கும் சீல் டேப்பை முழுக்க இழுத்திருந்தார். பையெல்லாம் கருப்புத் தூள். வெள்ளைச் சட்டை வேறு.

அவரிடம் இருந்தது P1005. நாங்கள் மனதில் வைத்திருந்தது M1005. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு மெஷின். M1005 என்பது ஸ்கேனர், ஜெராக்ஸ் சேர்ந்த பெரிய பெட்டி; அதற்கு 12A, அதாவது Q2612A. P1005 பிரிண்ட் மட்டும் போடும் சின்ன மெஷின். அதற்கு 35A, அதாவது CB435A. வடிவமே வேறு, ஒன்று மற்றொன்றின் குழியில் உட்காராது. இது போதாதென்று இப்போது லேசர்ஜெட் டேங்க் வரிசையிலும் ஒரு 1005, ஒரு 1020 வந்திருக்கின்றன. அவற்றில் கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை; 158A கிட்டிலிருந்து தூளை உள்ளே அழுத்தி நிரப்ப வேண்டும். ஆக, "எச்பி 1005" என்று ஒருவர் கேட்டால் மூன்று வேறு சரக்குகளில் எதுவாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் எழுதியது எங்கள் தப்பு. அவருக்கு 35A கொடுத்து, பஸ் கட்டணத்தையும் விலையில் கழித்தோம். சட்டைக்குத்தான் எங்களிடம் பதில் இல்லை.

அன்று மாலையே பட்டியல் முழுவதையும் உட்கார்ந்து படித்தோம். வாங்குபவர் கண்ணோடு படித்தால் எங்களுக்கே சங்கடமாக இருந்த இடங்கள் நிறைய. அவற்றில் மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, பொருத்தம். இனி ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் கீழும் பிரிண்டரின் முழுப் பெயர் இருக்கும், முன்னால் வரும் எழுத்தோடு. மாடல்களுக்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு: "இவற்றுக்குப் பொருந்தாது." இந்த வரியைத்தான் பெரிதாக நினைக்கிறோம். பொருந்துவதை மட்டும் எழுதினால், தன் மாடலைப் போலவே இருக்கும் ஒன்றைப் பார்த்ததும் ஆள் திருப்தியாகி ஆர்டர் போட்டுவிடுவார். 12A-யின் கீழ் "P1005, P1006, லேசர்ஜெட் டேங்க் 1005, டேங்க் 1020 ஆகியவற்றுக்குப் பொருந்தாது" என்று போட்டால் கை கொஞ்சம் நிற்கும். 1020 பிளஸ் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அதற்கும் 12A-தான்.

இதே இடத்தில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேனான் LBP2900-க்கு 303 கார்ட்ரிட்ஜ். 12A-யும் 303-ம் அமைப்பில் ஒன்றுபோலவே இருப்பதால், கம்பேட்டிபிள் தயாரிப்பவர்கள் பலர் ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டு எண்ணையும் அச்சடித்து விற்கிறார்கள். எங்கள் பட்டியலில் அது இரண்டு இடத்தில், இரண்டு விலையில் இருந்திருக்கிறது! யாரும் கேட்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. இப்போது ஒரே பதிவு, குறைந்த விலை. ஒரிஜினல் வாங்குபவர்களுக்கு மட்டும் அந்தந்த கம்பெனி தன் மெஷினுக்குச் சொல்லும் எண்ணையே தருவோம்.

இரண்டாவது, ஒரிஜினல் என்ற சொல். எங்கள் ஊரில் இந்தச் சொல் படும் பாட்டைச் சொல்லி மாளாது. "ஒரிஜினல் குவாலிட்டி", "ஒரிஜினல் மாதிரி", "ஒரிஜினல் ஷெல்" எல்லாம் எங்கள் பழைய பட்டியலிலேயே இருந்தன. இனி எச்பி பிரிண்டருக்கு எச்பியே செய்து, பிரிக்காத பெட்டியில் வருவது மட்டும்தான் ஒரிஜினல். வேறொரு கம்பெனி புதிதாகச் செய்தது கம்பேட்டிபிள். காலியான பழைய கார்ட்ரிட்ஜில் தூள் நிரப்பியது ரீஃபில்; அதன் கூடு எச்பியுடையதாக இருந்தாலும் அது ரீஃபில்தான். எச்பி பெட்டியைப் போலவே பெட்டி அடித்து உள்ளே வேறு சரக்கை வைப்பது போலி. அதை நாங்கள் விற்பதில்லை. கம்பேட்டிபிளையும் போலியையும் ஒரே தட்டில் வைத்து "டூப்ளிகேட்" என்று சொல்லும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது சரியல்ல. தன் பெயரைத் தானே போட்டு விற்பவன் யாரையும் ஏமாற்றவில்லை.

எச்பி என்ற பெயரைக் கம்பேட்டிபிள் பதிவில் எழுதலாமா என்று கடைப் பையன் கேட்டான். எழுதலாம். எந்த மெஷினுக்குப் பொருந்தும் என்று சொல்லத் தேவையான அளவுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்த 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் சரக்கே எச்பியுடையது என்று படிப்பவர் எண்ணும்படி எழுதக்கூடாது. நாங்கள் சறுக்கியது அங்கேதான். "எச்பி 12A லேசர் டோனர் கார்ட்ரிட்ஜ், கம்பேட்டிபிள்" என்று எழுதியிருந்தோம். பொய் இல்லை. ஆனால் போனில் பார்த்தால் தலைப்பு பாதியில் அறுந்து, கண்ணுக்குத் தெரிவது "எச்பி 12A லேசர் டோ..." வரைதான். படமும் கம்பெனி பெட்டியின் படம். இனி "கம்பேட்டிபிள்" என்பதுதான் முதல் சொல்லாக வரும். படமும் நாங்களே எங்கள் கடை மேசையில் எடுத்தது. அழகு கொஞ்சம் குறைவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எத்தனை பக்கம் வரும் என்பது. அதிகம் சண்டை வருவது இதில்தான். 12A-க்கு எச்பி சொல்வது சுமார் 2,000 பக்கம். கருப்பு லேசர் டோனருக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்ற முறைப்படி, ஒரே சோதனைப் பக்கத்தை அச்சு மங்கும்வரை தொடர்ந்து அடித்து எண்ணுகிறார்கள். அந்தப் பக்கத்தில் தாளின் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் கருப்பு. சின்னதாக ஒரு கடிதம் அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. நம் ஊர் வேலை அப்படியா இருக்கிறது? கட்டம் போட்ட படிவம், போட்டோ ஒட்டிய ஹால் டிக்கெட், கறுத்த ஆதார் நகல். கருப்பு 10 சதவீதமானால் பக்கம் பாதியாகிவிடும். கார்ட்ரிட்ஜ் மேல் குற்றம் இல்லை.

கம்பேட்டிபிள் பெட்டிகளிலும் 2,000 என்றே அச்சடித்திருக்கிறார்கள். யார் எண்ணினார்கள் என்று தெரியாமல் அதை நாங்களும் திருப்பி எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது கடையிலுள்ள M1005-ல் நாங்களே எண்ணிப் பார்த்தோம். புது கார்ட்ரிட்ஜ் மாட்டியதும் மெனுவில் ரிப்போர்ட்ஸ் போய் கான்ஃபிகரேஷன் ரிப்போர்ட் எடுத்து, அதிலுள்ள பக்க எண்ணிக்கையைக் கார்ட்ரிட்ஜ் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்தோம். அச்சு மங்கியதும் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து இடம் வலமாக மெதுவாக ஆட்டி மறுபடி மாட்டினோம். இரண்டாம் முறை மங்கியபோது இன்னொரு ரிப்போர்ட். கழித்துப் பார்த்தால் 1,640. எங்கள் பில், கொட்டேஷன், இடையில் கொஞ்சம் ஜெராக்ஸ். ஒரே கார்ட்ரிட்ஜில் பார்த்தது, அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். இ-சேவை மையம் நடத்தும் ஒருவர் அதே சரக்கில் 900 சொச்சம்தான் வந்தது என்கிறார். அவர் அடிப்பதில் பாதி போட்டோ.

பக்கத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 600 ரூபாய் கார்ட்ரிட்ஜில் 2,000 பக்கம் வந்தால் 30 காசு. 1,640 வந்தால் ஏறக்குறைய 37 காசு. 900 என்றால் 67 காசு. பெட்டி மேல் இருக்கும் எண்ணை வைத்து ஜெராக்ஸ் ரேட் போட்டவர் எங்கே அடி வாங்குகிறார் என்பது இதிலேயே தெரியும். அதனால் பட்டியலில் இரண்டு எண்ணும் இருக்கும்: தயாரிப்பாளர் சொல்வது ஒன்று, நாங்கள் எண்ணியது ஒன்று. எண்ணாததற்கு "எண்ணவில்லை" என்றே எழுதுவோம்.

இப்போது 12A பதிவு இப்படி இருக்கிறது:

"கம்பேட்டிபிள் டோனர், கருப்பு. எச்பி 12A (Q2612A), கேனான் 303-க்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். எச்பி, கேனான் தயாரிப்பு அல்ல. பொருந்தும்: லேசர்ஜெட் 1010, 1012, 1015, 1018, 1020, 1020 பிளஸ், 1022, M1005, கேனான் LBP2900. பொருந்தாது: P1005, P1006, லேசர்ஜெட் டேங்க் 1005, டேங்க் 1020. டிரம் உள்ளேயே இருக்கிறது. பக்கம்: தயாரிப்பாளர் சொல்வது 2,000, எங்கள் கடையில் 1,640. சீல் டேப் இழுக்காமல் இருந்தால் 7 நாளுக்குள் மாற்றித் தருவோம். டேப் இழுத்தபின் அச்சில் குறை இருந்தால் தாளோடு கொண்டு வரவும்."

தாளோடு என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கறை, மேலிருந்து கீழாக ஏழரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப விழுந்தால் அது டிரம்மில் கீறல். 12A-யின் டிரம் ஒரு சுற்று சுற்றினால் அவ்வளவு நீளம். அப்படியானால் கார்ட்ரிட்ஜை மாற்றித் தருகிறோம். இடைவெளி வேறாக இருந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் மற்ற ரோலராகவும் இருக்கலாம், மெஷினின் ரோலராகவும் இருக்கலாம்; மெஷினின் ரோலர் என்றால் புது கார்ட்ரிட்ஜ் போட்டாலும் போகாது. ரீஃபிலில் தாள் முழுக்கச் சாம்பல் பூத்தது போல இருந்தால், பழைய கழிவுத் தூளைக் கொட்டாமல் நிரப்பியிருக்கலாம் என்பதைத்தான் முதலில் சந்தேகப்படுவோம்.

இங்க் பற்றி ஒன்றே ஒன்று. எப்சன் 003 கலர் பாட்டில்களுக்கு எதிரே "7,500 பக்கம்" என்று போட்டிருந்தோம். அது நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் சேர்ந்து தரும் கணக்கு. ஒரு மஞ்சள் பாட்டிலை மட்டும் வாங்கிப் போய் 7,500 எதிர்பார்த்தவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. கருப்புக்கு 4,500. புது பிரிண்டரில் முதல் முறை ஊற்றும் இங்கில் கொஞ்சம் குழாயையும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

இனி ஆர்டர் போடும்போது எண்ணைச் சொல்லாதீர்கள். பிரிண்டரின் முகப்பில் பெயர் இருக்கும் இடத்தை ஒரு போட்டோ, பழைய கார்ட்ரிட்ஜின் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். சரக்கு வந்ததும் பழையதைப் பக்கத்தில் வைத்து வடிவம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டேப்பை இழுங்கள். பழைய பட்டியல் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். அதிலுள்ள விலைக்கும் பொருத்தத்துக்கும் நாங்கள் பொறுப்பேற்க முடியாது.

இப்படிக்கு,
கடையிலிருந்து,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்