உரிமைப் பங்கில் வரும் தள்ளுபடி யாருடைய பணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்பெனி தன் பழைய பங்குதாரர்களுக்கே புதிய பங்கு கொடுக்கும் உரிமைப் பங்கு வெளியீடு பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சந்தை விலையைவிட மலிவாகப் புதிய பங்கு கிடைப்பதால் பழைய பங்குதாரர்களுக்கு லாபம் என்று அதில் எழுதியிருந்தார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்த லாபம் காணாமல் போய்விடுகிறது.

ஒரு கம்பெனியின் பங்கு 400 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பங்கு வைத்திருப்பவருக்கு ஒரு புதிய பங்கு, விலை 250 ரூபாய். உங்களிடம் 100 பங்கு இருந்தால் அதன் மதிப்பு 40,000. புதிய 25 பங்குக்கு நீங்கள் கட்டுவது 6,250. ஆக மொத்தம் 46,250 ரூபாய் போட்டு 125 பங்கு வைத்திருக்கிறீர்கள். ஒன்றுக்கு 370 ரூபாய். புதிய பங்கு யார் யாருக்கு என்று பட்டியலெடுக்கும் ரெக்கார்டு தேதியையொட்டிச் சந்தை விலையும், வேறு செய்தி எதுவும் இல்லாவிட்டால், ஏறக்குறைய அந்த 370க்குத்தான் இறங்கும். புதிய பங்கில் 120 ரூபாய் மிச்சப்பட்டது போலத் தோன்றினாலும், பழைய நான்கு பங்கிலும் தலைக்கு 30 ரூபாய் குறைந்திருக்கிறது. தள்ளுபடி உங்கள் பணம்தான், ஐயா. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டிருக்கிறார்கள்.

இதனால்தான் ஒன்றும் செய்யாமல் இருப்பது மிக மோசமான முடிவு. ‘எனக்குப் புதிய பங்கு வேண்டாம்’ என்று சலுகைக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டவரின் 100 பங்கும் 37,000 ரூபாய்க்கு வந்து நிற்கும். 3,000 ரூபாய் போனது போனதுதான். அது வேறு எங்கும் போகவில்லை. அவர் விட்ட பங்கைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டவரின் பையில் இருக்கிறது.

வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2020 ஜனவரியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, புதிய பங்கைக் கேட்கும் உரிமையே தனிச் சரக்காக டிமேட் கணக்கில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கணக்கைத் திறந்து பார்த்தால் கம்பெனியின் பெயருக்குப் பின்னால் RE என்று தனி வரியாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, பங்குதான் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் உண்டு. அது பங்கு இல்லை. பணம் கட்டி விண்ணப்பித்தால்தான் பங்காக மாறும். இல்லையென்றால் வெளியீடு முடியும் நாளோடு மதிப்பில்லாமல் போய்விடும்.

பங்கை விற்பது போலவே இந்த உரிமையைச் சந்தையில் விற்கலாம். மேலே சொன்ன கணக்கில் ஒன்றின் நியாயமான விலை 120 ரூபாய். நடைமுறையில் கொஞ்சம் குறைவாகவே போகும். 25ஐயும் விற்றால் அந்த 3,000 கைக்கு வரும். வரிக் கணக்கில் இதற்கு வாங்கிய விலை பூஜ்யம் என்பதால், வந்த தொகை முழுவதும் குறுகிய கால லாபமாகவே கொள்ளப்படும். புதிய பங்கு வேண்டும், ஆனால் கைக்காசு போட வழியில்லை என்பவர் 17 உரிமைகளை விற்று, வரும் 2,040 ரூபாயில் மீதி 8 பங்குக்கு 2,000 கட்டலாம். தரகுக்கூலி போக அநேகமாகச் சரிக்குச் சரி. ஒரு விஷயம்: உரிமையில் ஒரு பகுதியை விற்றால்கூடக் கூடுதல் பங்கு கேட்கும் தகுதி போய்விடும்.

விண்ணப்பிப்பவர்கள் வங்கியின் அஸ்பா வசதி மூலம் செய்வதே வழக்கம். பணம் உங்கள் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். ஒதுக்கீடு ஆனபிறகே எடுக்கப்படும். குறைவாகப் பங்கு வைத்திருப்பவர்கள் பின்னக் கணக்கைக் கவனிக்க வேண்டும். 2020இல் ரிலையன்ஸ் 15 பங்குக்கு ஒன்று என்று 1,257 ரூபாய்க்குக் கொடுத்தபோது, 40 பங்கு வைத்திருந்தவருக்கு இரண்டு உரிமைதான் வந்தது. மீதிப் பத்துப் பங்குக்கு எதுவும் வராது. ஆனால் தன் உரிமைக்கு மேல் கூடுதல் பங்கும் கேட்டு விண்ணப்பித்தால், ஒரு பங்கு ஒதுக்குவதில் இப்படிப்பட்டவர்களுக்கு முன்னுரிமை உண்டு. 15க்கும் குறைவாக வைத்திருந்தவர்களுக்கும் அதே சலுகை இருந்தது. அந்த வெளியீட்டில் விண்ணப்பத்தோடு தொகையில் கால் பகுதி, மீதி அடுத்த ஆண்டு இரண்டு தவணையாக என்று வைத்திருந்தார்கள். இப்படித் தவணையில் வரும் பங்கில் பின்னால் கேட்கும் தொகையைக் கட்டாவிட்டால், கட்டிய பணத்தோடு பங்கே பறிபோகலாம்.

விண்ணப்பிக்கும் நாளில் சந்தை விலையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 2008இல் டாடா மோட்டார்ஸ் சாதாரணப் பங்கை 340 ரூபாய்க்குக் கொடுத்தது. உலகச் சந்தைகள் சரிந்த நேரம். வெளியீடு நடந்துகொண்டிருக்கும்போதே சந்தை விலை 340க்குக் கீழே போய்விட்டது. சந்தையில் அதைவிட மலிவாகக் கிடைக்கும் பங்கை விண்ணப்பம் போட்டு வாங்குவானேன்?

இனி, தள்ளுபடியைவிடப் பெரிய கேள்வி. கம்பெனிக்கு ஏன் பணம் தேவைப்படுகிறது? சலுகைக் கடிதத்தில் ‘வெளியீட்டின் நோக்கம்’ என்ற பகுதியைத்தான் நான் முதலில் படிப்பேன். எங்கள் கரூரில் இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. இங்கே பிறந்து வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கி 2017 கடைசியில் 25 பங்குக்கு 8 என்று, ஒன்று 122 ரூபாய்க்கு உரிமைப் பங்கு கொடுத்தது. மூலதனத்தை வலுப்படுத்த என்று நோக்கம் சொல்லப்பட்டது. வாராக் கடன் அந்த மூலதனத்தைத் தின்றுகொண்டே போனது. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது. பங்கு மூலதனம் முழுவதும் நீக்கப்பட்டது. 122 ரூபாய் கட்டியவர்களுக்கு ஒரு பைசா திரும்பவில்லை. இழப்பை ஈடுகட்ட மூலதனம் கேட்பது வேறு, நன்றாக ஓடும் தொழிலை விரிக்கக் கேட்பது வேறு. நிறுவனர் குழு தன் பங்குக்கு முழுவதும் விண்ணப்பிக்கிறதா, உரிமையை வெளியாருக்கு விட்டுக்கொடுக்கிறதா என்பதும் அதே கடிதத்தில் இருக்கும். முதலில் போட்ட கணக்கில் உள்ள பங்கு உங்களிடம் இல்லாவிட்டால் இன்று 370 கொடுத்து வாங்குவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் உரிமையை விற்றுவிடுங்கள்.

இன்னும் காகிதச் சான்றிதழ் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வேறு சிக்கல். அவர்களுடைய உரிமை தனியாக ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்படும். வெளியீடு முடிய இரண்டு வேலைநாள் முன்பாவது டிமேட் விவரத்தை வெளியீட்டின் கணக்குகளைப் பார்க்கும் பதிவாளரிடம் கொடுத்தால்தான் அது இவர்கள் கணக்குக்கு வரும். அதை விற்க நினைத்தால் அந்தக் கெடுவும் போதாது. உரிமை வர்த்தகம் வெளியீடு முடிவதற்குச் சில நாள் முன்பே முடிந்துவிடுகிறது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உரிமைப் பங்குச் செய்தி போடும்போது, விலையையும் வெளியீடு முடியும் தேதியையும் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். உரிமையைச் சந்தையில் விற்கக் கடைசி நாள் அதற்குச் சில நாள் முன்னதாகவே வந்துவிடும். அந்தத் தேதியையும் பக்கத்திலேயே போட்டால், விற்க நினைப்பவர்கள் நாளைத் தவறவிட மாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர், கரூர்