நான் எழுதாத ஐந்து ஸ்டார்

இணையச் சந்தைகளில் ரிவ்யூக்களைச் சரிபார்க்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

போன மாதம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிற பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். மேலே என் பெயர், முகவரி, கைபேசி எண். உள்ளே ஜிப் வைத்த ஒரு குட்டிப் பை, அதற்குள் மிளகைவிடச் சின்னதாய், கறுப்பாய், முப்பது நாற்பது விதைகள். பில் கிடையாது, அனுப்பியவர் பெயரும் கிடையாது. சுங்கத்துக்காக ஒட்டும் சி.என்.22 சீட்டில் மட்டும் உள்ளே இருப்பது ‘மோதிரம்’, எடை 20 கிராம் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

வீட்டில் எல்லோரையும் கேட்டேன். யாரும் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு தொட்டியில போட்டு வைங்க, என்ன பூ பூக்குதுன்னு பாத்துடலாம்” என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் என் கண் விதைகளைவிட்டுப் பெயரிலேயே நின்றது. என் பெயரின் கடைசி எழுத்து விடுபட்டிருந்தது. சில வருடங்களுக்கு முன் ஓர் இணையச் சந்தையில் அவசர அவசரமாகப் பதிவு செய்தபோது நானே செய்த பிழை அது. வேறெங்கும் என் பெயரை அப்படி எழுதியதில்லை. ஆக, முகவரி கிளம்பிய இடம் தெரிந்துவிட்டது. அந்தத் தளமே கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். அங்கே நான் பொருள் வாங்கிய ஒவ்வொரு விற்பனையாளருக்கும் என் முகவரி போயிருக்கும். அவர்களில் ஒருவர் பட்டியலைக் கைமாற்றியிருந்தால்கூட இது நடக்கும்.

அந்தச் சந்தையின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரே பதில்: “அந்த ஆர்டர் உங்கள் கணக்கில் இல்லை, அதனால் எங்களால் எதையும் பார்க்க முடியாது.” அடுத்த நாள் இன்னொருவரிடம் பேசினேன். அவரும் அதையேதான் சொன்னார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் முன்னால் இருக்கும் திரை அப்படி. அந்தத் திரையைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடல்.

எனக்கு வந்த பார்சலுக்குப் பின்னால் இருப்பது பிரஷ்ஷிங் என்ற மோசடி. அது என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சீன இணைய வணிகத்தில் இதற்கு ‘ஷுவாதான்’ என்று பெயர். ஆர்டருக்கு பிரஷ் போடுவது என்று சொல்லலாம். புதிதாகக் கடை விரித்த ஒரு விற்பனையாளருக்கு விற்பனையும் இல்லை, ரிவ்யூவும் இல்லை. தேடினால் பத்தாவது பக்கத்தில்கூட அவர் பொருள் வராது. அவரோ, அவர் அமர்த்திய தரகரோ, யார் யாரோ பெயரில் கணக்குகளைத் திறந்து தங்கள் பொருளைத் தாங்களே வாங்குகிறார்கள். கொடுத்த பணம் சந்தையின் கமிஷன் போக அவர்களுக்கே திரும்பி வந்துவிடும். ஆனால் ஆர்டர் முழுமையானதாகக் கணக்கில் ஏற, ஒரு பார்சல் உண்மையிலேயே எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். எல்லாவற்றையும் தன் கிடங்குக்கே அனுப்பிக்கொண்டால் ஒரே முகவரிக்கு நூறு ஆர்டர் என்று உங்கள் கணினி உடனே பிடித்துவிடும். அதனால் நிஜ மனிதர்கள் வாழும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத முகவரிகள் தேவைப்படுகின்றன. அங்கேதான் நான் வருகிறேன்.

விற்பதாகச் சொன்ன பொருளை யாரும் அனுப்புவதில்லை. தபால் கட்டணம் எடையைப் பொறுத்தது என்பதால் லேசான, தட்டையான, உடையாத ஏதோ ஒன்று போகிறது. விதை, கம்மல், ஹேர் கிளிப், சில சமயம் வெறும் உறை. அது வந்து சேர்ந்ததும் டிராக்கிங்கில் ‘டெலிவர் ஆனது’ என்று விழும். சில நாள் கழித்து என் பெயரிலோ கற்பனைப் பெயரிலோ ஐந்து ஸ்டார் ரிவ்யூ ஏறும், பக்கத்திலேயே ‘வெரிஃபைடு பர்ச்சேஸ்’ முத்திரையோடு. முத்திரை பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. வாங்கினார்கள், பணம் கட்டினார்கள், பார்சலும் போய்ச் சேர்ந்தது. அது எந்தப் பொருளுக்கான ரிவ்யூ என்று மட்டும் எனக்குத் தெரியாது. மின்சாரக் கெட்டிலா, குளிர்கால ஜாக்கெட்டா? என் வீட்டு வாசலைச் சாட்சியாக வைத்து விற்கிறார்கள், எதை விற்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

2020 ஜூலையில் அமெரிக்கா முழுக்க நடந்தது நினைவிருக்கும். 50 மாநிலங்களிலும் மக்களுக்குக் கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்தன. பல உறைகளில் சீனத் தபால் முத்திரை, உள்ளே நகை என்ற அறிவிப்பு. அந்நாட்டு வேளாண் துறை பிரித்துப் பார்த்தபோது கடுகு, முட்டைக்கோஸ், புதினா, ரோஸ்மேரி, லாவெண்டர், செம்பருத்தி, ரோஜா என்று சாதாரண விதைகள்தான் பெரும்பாலும் இருந்தன. பிரஷ்ஷிங்கைத் தவிர வேறு நோக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்று துறை சொன்னது. ஆனாலும் ஆய்வில் மற்றச் செடிகளைச் சுற்றிப் படர்ந்து சாற்றை உறிஞ்சும் கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையும் அகப்பட்டது. அக்காவின் தொட்டி யோசனையை நான் கேட்காததற்கு அதுதான் காரணம். விதை என்று உண்மையாக எழுதி அனுப்பினால் நோய், பூச்சி இல்லை என்ற தாவரநலச் சான்றிதழைக் கேட்பார்கள். மோதிரம் என்று எழுதிவிட்டால் யாரும் கேட்பதில்லை. குப்பையில் போட்டாலும் குப்பைமேட்டில் முளைக்கும். அதனால் ஜிப் பையைத் திறக்காமல், உறையோடு சேர்த்து இன்னொரு தடித்த பையில் போட்டு வேளாண் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் லேபிளை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன்.

அந்த 2020 கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. பிறகு ஓர் இதழாளர் பொட்டலம் வந்தவர்களைத் தேடிப்பிடித்து, பழைய ஆர்டர்களைப் பார்க்கச் சொன்னார். அவர்களில் பலர் ஊரடங்கு காலத்தில் தாங்களே விதை ஆர்டர் செய்து, தாமதமாக வந்ததால் மறந்துபோயிருந்தார்கள்! அதைப் படித்திருந்ததால் நானும் புகார் செய்வதற்கு முன் என் எல்லாக் கணக்குகளிலும் ஒரு வருட ஆர்டர்களைத் தோண்டினேன், கார்டு ஸ்டேட்மென்ட்டையும் பார்த்தேன், பாஸ்வேர்டுகளை மாற்றினேன். ஒன்றுமில்லை. மறதி, பரிசு, வீடு மாறி வந்தது ஆகிய மூன்றையும் தள்ளிய பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களிடம் முதலில் கேட்பது எடையைப் பாருங்கள் என்பதுதான். என் உறை 20 கிராம். அதன் பெயரில் பதிவான ஆர்டர் ஒரு கெட்டில் என்றால், உங்கள் பட்டியலிலேயே அதன் எடை ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். எல்லை தாண்டும் தபால் பொருளின் விவரமும் எடையும் இப்போது முன்கூட்டியே மின்னணு வடிவில் போகின்றன. உங்கள் சந்தை வழியாகவே லேபிள் எடுக்கும் விற்பனையாளர்களின் எடை உங்கள் கையிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாத ஆர்டருக்கு முத்திரை கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். கல்லை வைத்து எடை ஏற்றுவார்களே என்பீர்கள். ஏற்றட்டும், தபால் செலவும் சேர்ந்து ஏறும். இந்த வியாபாரமே தபால் மலிவு என்பதை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் விற்கும் பொருளே கம்மலாகவோ மொபைல் கவராகவோ இருந்தால் எடை ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. அங்கே சாட்சி பார்சலைக் கையில் வாங்கியவர் மட்டும்தான்.

அதனால் இரண்டாவதாக, புகார் செய்ய எங்களுக்கு ஒரு வாசல் வையுங்கள். நான் இதை அழுத்திக் கேட்கிறேன். பன்னாட்டுத் தபால் லேபிளில் 13 இடம் கொண்ட ஓர் எண் இருக்கும். முதலில் இரண்டு எழுத்து, அடுத்து எட்டு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் கிளம்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. விற்பனையாளர் ‘அனுப்பிவிட்டேன்’ என்று உங்களிடம் காட்ட ஒரு டிராக்கிங் எண்ணைப் பதிகிறாரே, அது பெரும்பாலும் இந்த எண்தான். என் கையில் எண் இருக்கிறது, உங்களிடம் அதே எண்ணுக்கு எதிரே ஆர்டர் இருக்கிறது. ஆனால் உங்கள் புகார்ப் படிவம் ஆர்டர் எண் கேட்கிறது. ஆர்டர் செய்யாதவரிடம் ஆர்டர் எண் எப்படி இருக்கும்?

ஆர்டர் எண் இல்லாமல், கணக்கும் இல்லாமல், லேபிளின் படத்தையும் டிராக்கிங் எண்ணையும் மட்டும் வாங்கிக்கொள்ளும் ஒரு பக்கம் போதும். யார் ஆர்டர் செய்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அடுத்தவர் தகவல் எனக்கு எதற்கு? போட்டி விற்பனையாளர்கள் பொய்ப் புகார் கொடுப்பார்களே என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் ஒட்டிய லேபிளின் படத்தைக் கேளுங்கள் என்கிறேன், அது பார்சல் வந்த வீட்டில்தான் இருக்கும். ஒரு புகார் உறுதியானால் அந்த ஒரு ரிவ்யூவைத் தூக்கிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அதே விற்பனையாளர் அதே வாரத்தில் அனுப்பிய மற்ற பார்சல்களைப் பாருங்கள். ஒரே எடை, புதிதாகத் திறந்த கணக்குகள், அந்த ஒரு பொருளைத் தவிர வேறெதையும் தேடாதவர்கள் என்று வரிசையாக வரும்.

அவசரத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இப்போது சில பொட்டலங்களில் ‘அனுப்பியது யார் என்று தெரிய ஸ்கேன் செய்யுங்கள்’ என்று ஒரு கியூஆர் கோடு வருகிறது. ஸ்கேன் செய்தால் வங்கி விவரம் கேட்கும் போலிப் பக்கமோ, கைபேசியில் இறங்கும் தீய செயலியோதான். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூலையில் இதைப் பற்றி எச்சரித்தது. யார் அனுப்பியது என்று கேட்க முறையான இடம் இல்லாதபோது, ஜனங்கள் அந்த கியூஆர் கோடைத்தான் ஸ்கேன் செய்வார்கள்.

விதைகள் என்னிடம் இல்லை. லேபிளின் படம் கைபேசியில் இருக்கிறது, 13 இடமும் அழியாமல் தெளிவாகத் தெரிகிறது. அந்த எண்ணை எங்கே பதிய வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைசி எழுத்து விடுபட்ட பெயருக்குச் சொந்தக்காரர்