விடை சரி, ஃபார்முலா தப்பு: எக்செல் தேர்வுத் தாள் திருத்துபவர்களுக்கு ஒரு மடல்

எக்செல் செய்முறைத் தேர்வுக்குக் கேள்வி அமைக்கும், திருத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நானும் எக்செல் சொல்லிக்கொடுப்பவள்தான். போன வாரம் ஒரு மாணவி, முழு மதிப்பெண் வாங்கிய தன் பயிற்சியைக் கொண்டுவந்து காட்டினாள். துணிக்கடைக் கணக்கு அது. D2, D3, D4-ல் 2,400, 1,800, 3,200 ரூபாய். மூன்றுக்கும் F1-ல் உள்ள 10% தள்ளுபடியைக் கணக்கிட வேண்டும். அதற்குக் கீழே F2-ல் ஏஜெண்ட் கமிஷன் 10%, F3-ல் வரி 5%. E2-ல் அவள் எழுதியது இது:

```
=D2*F1
```

இதை அப்படியே கீழே இழுத்துவிட்டாள். 240, 180, 160 என்று வந்தது. பார்த்தால் எதுவும் உறுத்தாது. ஆனால் இழுக்கும்போது F1-ம் சேர்ந்து இறங்கிவிட்டது. E3-ல் இருப்பது =D3*F2, E4-ல் =D4*F3. கடைசி வரியில் 320 வந்திருக்க வேண்டும்.

அந்த 160-ஐக் கால்குலேட்டர் காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கவலைப்பட வைப்பது நடுவில் உள்ள 180. எண் சரி, ஆனால் அது தள்ளுபடியைத் தொடவே இல்லை, கமிஷனை எடுத்துப் பெருக்கியிருக்கிறது. இரண்டும் 10% என்பதால் தப்பித்துவிட்டது. எக்செல்லும் எச்சரிக்காது. பக்கத்துக் கட்டங்களிலிருந்து ஒரு ஃபார்முலா மாறுபடுவது போன்ற சில நிலைகளில்தான் மூலையில் பச்சை முக்கோணம் வரும். இங்கே மூன்று கட்டமும் ஒரே மாதிரி, வலப்பக்கம் ஒரு வரி மேலே உள்ள கட்டத்தையே எடுக்கின்றன.

அதனால் விடையைப் பார்த்ததும் டிக் போடாமல், F1-ஐ 20% ஆக்கிப் பாருங்கள். 480, 360, 640 என்று மூன்றும் மாற வேண்டும். அவளுடைய தாளில் முதல் வரி மட்டும் 480 ஆனது. மற்ற இரண்டும் அசையவில்லை. (எதுவுமே அசையாவிட்டால், Calculation Options-ல் Manual இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) அப்புறம் F1-ஐப் பழையபடி வைத்துவிட்டு F2-ஐ மாற்றுங்கள். இப்போது ஒன்றும் அசையக் கூடாது. இந்த இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாறக் கூடாத எண் மாறுகிறதா என்பதை இதுதான் காட்டும்.

நேரம் இல்லையென்றால் Show Formulas போட்டுக் கடைசி வரியை மட்டுமாவது படியுங்கள். முதல் வரி மாணவர் கையால் எழுதியது, அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கடைசி வரியிலும் இப்படி $F$1 நிற்க வேண்டும்:

```
=D4*$F$1
```

கேள்வி அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே தாளில் இரண்டு 10% வேண்டாம். 7%, 12%, 5% என்று வேறு வேறாகக் கொடுங்கள். தப்பான கட்டத்தை எடுத்தால் விடையிலேயே தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணை முழுதாகவும் வெட்ட வேண்டாம். பெருக்கல் சரி என்பதற்குப் பாதி கொடுத்து, மீதி ஏன் போனது என்று அந்தக் கட்டத்தின் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.