விடுபட்டவர்களின் அட்டவணை: பெங்களூரில் தொடர் ஆய்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களை ஆண்டுதோறும் தேடிச் சென்று, முன்பு கேட்ட கேள்விகளையே மீண்டும் கேட்கும் ஆய்வுகளை நடத்துவோருக்கு இதை எழுதுகிறேன். இடையில் விடுபட்டவர்களைப் பற்றி இத்தகைய ஆய்வறிக்கைகள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியந்தான்: விடுபட்டோருக்கும் நிலைத்தோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிக் கடன், கூலி, வாடகை பற்றிய முடிவுகளை ஏற்பது கடினம்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 600 குடும்பங்கள்; அவற்றில் 360 வாடகைக்கு இருப்பவை, 240 சொந்த வீட்டில் இருப்பவை. இரண்டாம் சுற்றில் கிடைத்தவை 510, மூன்றாம் சுற்றில் 408. அறிக்கையில் 'இரண்டாம் சுற்றில் 85 சதவீதம், மூன்றாம் சுற்றில் 80 சதவீதம்' என்று எழுதினால் நிலைமை நன்றாகத் தோன்றும். ஆனால் அந்த 80 முந்தைய சுற்றை வைத்துக் கணக்கிட்டது. முதல் சுற்றை வைத்துப் பார்த்தால் எஞ்சியிருப்பது 68 சதவீதமே. இரண்டு எண்களையும் அருகருகே அச்சிட வேண்டும்.

அந்த 408 குடும்பங்களில் வாடகைக் குடும்பங்கள் 204, சொந்த வீட்டுக் குடும்பங்கள் 204 என்று கொள்வோம். நிலைத்தோரில் பாதிப்பேர் வாடகைக்காரர்கள்; விடுபட்ட 192 குடும்பங்களிலோ 156, அதாவது 81 சதவீதம். காரணம் நம் ஊருக்குத் தெரிந்ததே. வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதப்படுகிறது. கள ஆய்வாளர் வருவது 12 மாதத்துக்கு ஒருமுறை. வீடு மாற நேர்ந்தவர்கள் அவர் வந்து கதவைத் தட்டுவதற்குள் போய்விட்டிருப்பார்கள். இந்தியாவின் பெரிய தொடர் ஆய்வான இந்திய மனித வளர்ச்சி ஆய்வு 2004-05இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்தது. 2011-12இல் அவற்றில் 83 சதவீதத்தை மீண்டும் பேட்டி கண்டது. அங்கும் நகரங்களில்தான் இழப்பு அதிகம்.

இப்போது கடனைப் பாருங்கள். முதல் சுற்றில் வாடகைக் குடும்பங்களில் 50 சதவீதத்தினருக்கும், சொந்த வீட்டினரில் 20 சதவீதத்தினருக்கும் கடன் இருந்தால், மொத்தத்தில் அது 38 சதவீதம். எவருடைய கடன் நிலையும் மாறாமல், கடன் இருந்தோரும் இல்லாதோரும் அந்தந்தப் பிரிவுக்குள் ஒரே அளவில் விடுபட்டிருந்தால்கூட, மூன்றாம் சுற்றில் அது 35 சதவீதமாகிவிடும். ஒரு குடும்பமும் கடனை அடைக்கவில்லை. கடன் குறைந்தது என்று அறிக்கை மட்டும் சொல்லும்.

விடுபட்டோருக்கும் நிலைத்தோருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதற்கு, அது தற்செயலாக வந்திருக்குமா என்று மட்டும் பார்க்கும் முக்கியத்துவச் சோதனை உதவாது. குடும்பங்கள் குறைவாக இருந்தால் பெரிய வேறுபாடும் அதில் அகப்படாமல் போகும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அற்ப வேறுபாடும் பெரிதாகத் தெரியும். எத்தனை குடும்பங்கள் என்பதைப் பொறுத்து மாறாத தரப்படுத்திய வேறுபாட்டை, அதாவது இரு பிரிவுகளின் வேறுபாட்டை அவற்றின் பரவலால் வகுத்து வரும் எண்ணை, எழுதுங்கள். மேலே சொன்ன 81, 50 என்ற சதவீதங்களுக்கு அது ஏறத்தாழ 0.69, பொதுவாக 0.1ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள்.

நிலைத்த ஒவ்வொரு வாடகைக் குடும்பத்துக்கும் 360/204, அதாவது 1.76 எடையும், சொந்த வீட்டுக் குடும்பத்துக்கு 1.18 எடையும் கொடுத்தால் கடன் மீண்டும் 38க்குத் திரும்பும். பலர் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் சுற்றில் கடனே இல்லாத ஒரு வாடகைக் குடும்பம், இரண்டாம் சுற்றுக்குள் கடன்பட்டு, மூன்றாம் சுற்றுக்கு முன் வீட்டைக் காலி செய்தால், முதல் சுற்றின் அட்டவணையில் அது நிலைத்தவர்களைப் போலவேதான் தெரியும். ஆகவே இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் இடையில் விடுபட்டவர்களை, அவர்கள் கடைசியாகச் சொன்ன இரண்டாம் சுற்று விடைகளைக் கொண்டு தனியாக ஒப்பிட வேண்டும். அதற்குப் பிறகு வாங்கிய கடன் எந்த அட்டவணையிலும் வராது. விடுபட்டோரிடையே கடன் பத்து சதவீதப் புள்ளி கூடுதல் என்று வைத்து மறுபடி கணக்கிட்டு, முடிவு நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஒன்றே அதற்கு நேர்மையான வழி.

இறந்தவர், இடம் மாறியவர், பேச மறுத்தவர் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் சேர்ப்பதையும் விடுங்கள். இறந்தவரின் அடுத்த ஆண்டு வருமானம் என்று ஒன்று இல்லை; அதை மதிப்பிட்டு நிரப்புவதற்குப் பொருளில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனதால் ஒரு சுற்றில் அகப்படாமல் அடுத்ததில் கிடைத்தவரும் விடுபட்டவர் அல்லர். அவருக்குத் தனி வரிசை வேண்டும். மறுத்தவர்களைப் பற்றி, பேட்டி எந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பதியலாம். வீட்டில் தமிழே பேசும் ஒரு மூதாட்டி கன்னடத்தில் கேட்ட கேள்விகளுக்குச் சலித்து மறுத்தாரா, விருப்பமின்றி மறுத்தாரா என்பது பின்னர் யாராலும் கண்டுபிடிக்க முடியாத செய்தி.

அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பேட்டியின்போதே, குடும்பத்தின் ஒப்புதலுடன், சொந்த ஊரில் இருக்கும் உறவினர் இருவரின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிவதற்கு முன், பத்தாம் மாதத்தில், வாடகைக் குடும்பங்களை மட்டுமாவது ஒருமுறை அழைத்து, எங்கே மாறுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
பெங்களூர்.