தேனை ஊற்றும் முன் ஒரு கேள்வி: நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுக்கு, அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் இன்றைக்கும் உங்கள் கடைகளில்தான் வாங்குகிறேன். உங்கள் சரக்கின் மேல் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒரே ஒரு பொருளை, அதாவது தேனை, ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பாட்டி வந்து, "பேத்திக்கு ஒரே இருமலா இருக்கு, நல்ல மலைத்தேனாக் குடுங்க அண்ணாச்சி" என்றார். கடைக்காரரும் பரிவாகத்தான் சொன்னார்: "ரெண்டு சொட்டு நாக்குல தடவுங்கம்மா, சளி அறுத்துக்கிட்டுப் போயிரும்." குழந்தைக்கு எத்தனை மாதம் என்று நான்தான் கேட்டேன். நாலு முடிந்து ஐந்து நடக்கிறதாம். அந்தப் பாட்டியைத் தனியே கூப்பிட்டுப் பேசி, தேனைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். அண்ணாச்சிக்கு என் மேல் வருத்தம். "காலங்காலமாக் குடுக்கிறதுதானே" என்றார். அவருக்கு அன்று கல்லாவின் முன் நின்று சொல்ல முடியாததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே சொல்கிறேன்.

இப்போது ஏன் என்றால், 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. சரியான அறிவுரைதான். ஆனால் சிரப்புக்குப் பயந்த பல வீடுகளில் அந்த இடத்துக்குத் தேன் வந்துவிட்டது.

தேனில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்றொரு பாக்டீரியா மண்ணிலும் தூசியிலும் வாழ்கிறது. நிலைமை சரியில்லாதபோது கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கி, விதைபோல உறங்கிக் கிடக்கும். தேனீ அலைகிற இடமெல்லாம் தூசிதான். ஆகவே சில தேன்களில் அந்த விதைகள் வந்து சேர்கின்றன. தேனில் ஈரம் குறைவு, புளிப்பும் உண்டு. அதனால் அவை தேனுக்குள் முளைப்பதில்லை, சாவதும் இல்லை. மணத்திலோ ருசியிலோ ஒரு மாற்றமும் தெரியாது.

இதில் கலப்படம், சுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொம்புத்தேனோ, கொசுத்தேனோ, பெட்டித்தேனோ எல்லாம் ஒன்றுதான். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்கிற தேனிலும் அந்த விதை இருக்கலாம். காய்ச்சினாலும் பயனில்லை. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. இந்த விதையை உறுதியாகக் கொல்ல அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும். வெந்நீரில் கலக்கிய தேனும் அதே தேன்தான்.

நாமெல்லாம் சாப்பிட்டு நன்றாகத்தானே இருக்கிறோம்? நம் குடலில் ஏற்கெனவே கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக வரும் விதைக்கு வேர்விட இடமில்லை, அது மலத்தோடு வெளியேறிவிடுகிறது. பச்சைக் குழந்தையின் குடல் இன்னும் குடியேறாத மனை. அங்கே விதை முளைத்து, பெருகி, குடலுக்குள்ளேயே நச்சைச் சுரக்கிறது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அந்த நச்சு தடுத்துவிடுகிறது. குழந்தை நினைவோடு இருக்கும், ஆனால் தசை அசையாது. 1976-இல் கலிஃபோர்னியாவில்தான் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் தேனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு தெரிந்துவிட்டது.

ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். தோக்கியோவில் ஆறு மாத ஆண் குழந்தை. உடம்புக்கு நல்லது என்று நம்பி, 2017 ஜனவரியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் பழச்சாற்றில் தேன் கலந்து கொடுத்திருக்கிறார்கள். நாளுக்குச் சுமார் 10 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. பிப்ரவரியில் இருமலும் மூக்கொழுகலும் வந்தன. சில நாட்களில் வலிப்பும் மூச்சுத் திணறலும் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழந்தையின் மலத்திலும் வீட்டில் மிச்சமிருந்த தேனிலும் அந்தப் பாக்டீரியா கிடைத்தது. மார்ச் 30 அன்று குழந்தை இறந்துபோனது. ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம் என்று அந்த நாட்டு அரசு 1987-லேயே எச்சரித்திருந்தது. முப்பது ஆண்டு ஆன பிறகும் அந்த ஒரு வீட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. நம் ஊரில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய இடம் உங்கள் கடை.

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் அரிதானது. வந்த குழந்தைகளிலும் பெரும்பாலோர் தேன் சாப்பிடாதவர்கள்; மண், தூசி வழியாக வந்திருக்கும். மண்ணையும் தூசியையும் நாம் தடுத்துவிட முடியாது, தேனைத் தடுக்க முடியும். அவ்வளவுதான் கணக்கு. "எங்க பாட்டி சேனை தொட்டு வச்சாங்க, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதும் மெய்தான். எல்லாத் தேனிலும் விதை இருப்பதில்லை, விதை போன எல்லாக் குழந்தைக்கும் நோய் வருவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பால் குடிக்காமல் துவண்டு போன குழந்தையைத் தோஷம் என்றும் மாந்தம் என்றும் சொன்னோம். யாருக்கு எதனால் போனது என்று யார் பார்த்தார்கள்?

இனி சொல்வதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. தேன் உள்ளே போன 3 நாளிலிருந்து 30 நாளுக்குள் நோய் தலைகாட்டலாம். பெரும்பாலும் முதலில் வருவது மலச்சிக்கல். உடனே பாட்டி என்ன செய்வார்? மறுபடி உங்கள் கடைக்குத்தான் வருவார். கடுக்காய், மாசிக்காய், வசம்பு சேர்ந்த உரை மருந்து வாங்கிப் போவார். பல வீடுகளில் அதைத் தேன் விட்டுத்தான் உரசிப் புகட்டுகிறார்கள். தேனால் வந்த மலச்சிக்கலுக்குத் தேனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை நாலைந்து நாள் மலம் கழிக்காமல் இருப்பது சாதாரணம்தான். அதற்காக யாரையும் பயமுறுத்த வேண்டாம். அதோடு வேறென்ன மாறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வீறிட்டு அழுத குழந்தை முனகுகிறதா? பால் இழுக்கத் தெம்பில்லாமல் வாயோரம் வழிய விடுகிறதா? இமை பாதி மூடியே கிடக்கிறதா, முகத்தில் சிரிப்போ சுளிப்போ இல்லையா, நின்ற கழுத்து மறுபடி சாய்கிறதா? காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. இதில் எது தெரிந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேன் கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதோ என்று நினைத்து ஜென்டாமைசின் போன்ற ஊசி போட்டால் தசைத் தளர்ச்சி இன்னும் கூடும். தேன் விஷயம் தெரிந்தால் மருத்துவரும் அதற்குத் தக்கபடி யோசிப்பார். இதற்கென்று கலிஃபோர்னியாவில் ஒரு எதிர்ப்பு மருந்து தயாரிக்கிறார்கள். அது நம் மாவட்ட மருத்துவமனை அலமாரியில் இருக்கிற மருந்து இல்லை. தீவிர சிகிச்சையில் மூச்சுக்குத் துணை கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் மீண்டுவிடுவார்கள், ஆனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

சரி, இருமுகிற குழந்தையை வைத்துக்கொண்டு வந்து நிற்பவரிடம் என்ன சொல்வது? கைக்குழந்தையின் இருமல் பெரும்பாலும் சாதாரணச் சளியால் வருவது. மூக்கில் ஒழுகும் சளி தொண்டைக்குப் பின்னால் இறங்க, குழந்தை இருமி அதை வெளியேற்றுகிறது. அதனால் இருமலை அடக்குவதை விட மூக்கைத் திறந்து விடுவதுதான் வேலை. மருந்துக் கடையில் 0.65 சதவீத உப்புநீர் மூக்குச் சொட்டு கிடைக்கும். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, சிறிது நேரம் பொறுத்து, இளகி வரும் சளியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் குழந்தை மூச்சுவிட்டுப் பால் குடிக்கும். கேட்கும்போது "உப்புநீர்ச் சொட்டு" என்றே கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கான மூக்கடைப்புச் சொட்டு வேறு, அது கைக்குழந்தைக்கு ஆகாது.

தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். சளியை இளக்க அதைவிட நல்ல திரவம் இல்லை. ஆறு மாதம் வரை வெந்நீர் கூட வேண்டாம்; அதற்கு மேல் இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு மூன்று கரண்டி புகட்டலாம். தாய் தேன் சாப்பிட்டால் பாலில் வருமா என்று கேட்பார்கள். வராது, தாராளமாகச் சாப்பிடலாம். குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் அறையில் கொசுவர்த்தி ஏற்றுவதையும் நிறுத்தினாலே பல வீடுகளில் இருமல் பாதியாகும். கற்பூரம் கரைத்த எண்ணெயும் மூக்கில் தடவும் தைலமும் இந்த வயதுக்கு ஆகாது. ஆவி பிடிக்க வைத்து வெந்துபோன குழந்தைகளை நானே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், அதுவும் வேண்டாம்.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட வேண்டும் என்பதற்கு எங்கள் பயிற்சியில் ஒரு நல்ல அளவுகோல் சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, இரண்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால் 50. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பால் மறுத்தாலோ உடனே மருத்துவமனை. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு இருமல் என்றால் எண்ணிக்கை எப்படி இருந்தாலும் நேரே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

முதல் பிறந்தநாள் முடிந்த குழந்தைக்கு இருமல் என்றால் அரைத் தேக்கரண்டி தேன் நல்ல மருந்துதான். அப்போது உங்கள் கடைக்கு நானே அனுப்பிவைப்பேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். தேன் கேட்டு வருபவரிடம், ஊற்றுவதற்கு முன் "யாருக்கும்மா, எத்தனை மாசம்?" என்று கேளுங்கள். நீங்களே அடைத்து விற்கும் புட்டிகளில் "ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தரக்கூடாது" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். உரை மருந்துப் பொட்டலம் விற்கும்போது "தேனில் உரசி" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். நம் ஊரில் இருக்கும் கடைகளுக்காக நூறு சீட்டு என் பேத்தி அச்சடித்து வைத்திருக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை காலையில் பசையும் கையுமாக வருகிறேன், புட்டிகளை எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருத்தி